ஆறு விழும் வரை

நுழையும்முன்

பத்து முறை பகடையை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டினால் சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் விடை எளிது. ஆனால் எத்தனை முறை உருட்டுவது என்பதையும் பகடையிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அவ்வினாவுக்கு விடை தருவதே வால்டு முற்றொருமை.

ஓர் ஆட்டமும் ஒரு கருத்து வேறுபாடும்

மாணவியர் இருவர் ஓர் ஆட்டம் அமைத்தனர். பகடையை உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். குறித்த ஓர் எண் முதன்முறையாக விழுந்ததும் நிறுத்திவிடவேண்டும். அதுவரை விழுந்த எல்லா எண்களின் கூடுதலும், நிறுத்திய எண்ணும் சேர்ந்ததே ஆட்டக்காரரின் மதிப்பெண். ஒருத்தி, ஆறு விழும் வரை உருட்டுவதைத் தேர்ந்தாள். மற்றவள், ஒன்று விழும் வரை உருட்டுவதைத் தேர்ந்தாள்.

முதலாமவள் 2, 5, 5, 1, 6 என உருட்டி 19 பெற்றாள். இரண்டாமவள் 4, 6, 3, 1 என உருட்டி 14 பெற்றாள். “என் ஆட்டம் எப்போதும் பகடையின் பெரிய எண்ணில் முடிகிறது, ஆகவே எனக்கே மதிப்பெண் மிகுதி” என்றாள் முதலாமவள். “உன் கடைசி எண் பெரியதுதான். ஆனால் அதற்கு முன் உனக்கு ஆறே விழாது; எனக்கோ எத்தனை ஆறு வேண்டுமானாலும் விழலாம்” என்றாள் மற்றவள்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஒன்றையொன்று எவ்வளவு ஈடுசெய்கிறது என்பதே அறியவேண்டுவது.

எத்தனை முறை உருட்டவேண்டியிருக்கும்?

ஒரு செயலைப் பன்முறை செய்து பார்க்கும்போது கிடைக்கும் மதிப்புகளின் நெடுங்காலச் சராசரியை எதிர்பார்ப்பு என்பர். சீரான பகடையை ஒருமுறை உருட்டினால் கிடைக்கும் எண் X எனில்,

E(X) = (1 + 2 + 3 + 4 + 5 + 6) / 6 = 3.5

முதல் ஆறு விழும் வரை உருட்டிய முறைகளின் எண்ணிக்கையை N என்க. N என்பது 1 ஆகலாம்; 20 ஆகவும் ஆகலாம். அதன் எதிர்பார்ப்பு m எனில், முதல் உருட்டலை எப்படியும் செய்தே ஆகவேண்டும். அதில் ஆறு விழாமல் போவதற்கான நிகழ்தகவு 5/6. அவ்வாறு நேர்ந்தால் ஆட்டம் புதிதாகத் தொடங்குவது போன்றதே. மேலும் சராசரியாக m முறை உருட்டவேண்டும். ஆகவே,

m = 1 + (5/6)m

இதிலிருந்து m = 6. ஒன்று விழும் வரை உருட்டும் ஆட்டத்துக்கும் இதே கணக்குப் பொருந்துவதால், அங்கும் m = 6.

ஓர் உருட்டலுக்குச் சராசரி 3.5, உருட்டல்கள் சராசரியாக 6. இரண்டையும் பெருக்கினால் 21. இப்பெருக்கல் செல்லுமானால் இரு ஆட்டங்களுக்கும் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 21 ஆகும். ஆனால் இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. உருட்டல்களின் எண்ணிக்கை, விழும் எண்களைச் சாராமல் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தால் பெருக்கல் செல்லும். இங்கோ எப்போது நிறுத்துவது என்பதை விழும் எண்களே முடிவு செய்கின்றன. அப்படியிருக்க, பெருக்குவது சரியாகுமா?

பெருக்கல் ஏன் செல்கிறது?

ஒவ்வோர் உருட்டலுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு உண்டு எனக் கொள்வோம். i ஆம் உருட்டல் நிகழுமானால் சீட்டின் மதிப்பு 1; ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டால் மதிப்பு 0. இம்மதிப்பை Iᵢ என்க. i ஆம் உருட்டலில் விழும் எண் Xᵢ எனில், மொத்த மதிப்பெண்

S = X₁I₁ + X₂I₂ + X₃I₃ + ...

முற்றொருமையின் உயிர்நிலை இச்சீட்டில்தான் உள்ளது. நான்காம் உருட்டலுக்குச் சீட்டு உண்டா என்பதை எது முடிவு செய்கிறது? முதல் மூன்று உருட்டல்கள் மட்டுமே. அவற்றில் ஆறு விழவில்லையெனில் சீட்டு உண்டு, விழுந்திருந்தால் இல்லை. நான்காம் உருட்டலில் என்ன விழப்போகிறது என்பதற்கும் அச்சீட்டுக்கும் தொடர்பே இல்லை. எனவே X₄, I₄ ஆகிய இரண்டும் சார்பற்றவை. சார்பற்ற இரு மாறிகளின் பெருக்கற்பலனின் எதிர்பார்ப்பு, அவற்றின் எதிர்பார்ப்புகளின் பெருக்கற்பலனே. ஆகவே ஒவ்வோர் உறுப்புக்கும்

E(XᵢIᵢ) = 3.5 × E(Iᵢ)

எல்லாவற்றையும் கூட்டினால் 3.5 பொதுவாக வெளியே வரும். எஞ்சியிருப்பது I₁ + I₂ + I₃ + ... என்பதன் எதிர்பார்ப்பு. சீட்டுகளின் கூடுதல் என்பது நிகழ்ந்த உருட்டல்களின் எண்ணிக்கையேயாதலால் அது E(N) ஆகும். எனவே,

E(S) = E(X) × E(N) = 3.5 × 6 = 21

இதுவே வால்டு முற்றொருமை. ‘இப்போது நிறுத்தலாமா’ என்னும் முடிவை அதுவரை கண்டவற்றைக் கொண்டே எடுக்க முடியுமானால், அந்நிறுத்தும் தருணத்தை நிறுத்த நேரம் என்பர். முற்றொருமை நிறுத்த நேரங்களுக்கு உரியது.

வேறு வழியில் சரிபார்த்தல்

ஆறு விழும் ஆட்டத்தில் உருட்டல்கள் சராசரியாக 6. அவற்றுள் கடைசி ஒன்று ஆறு. அதற்கு முன்னுள்ளவை சராசரியாக 5. அவை ஆறு அல்லாதவை என்பதால் 1 முதல் 5 வரையுள்ள எண்களே அவற்றில் விழும், சராசரி 3. ஆகவே மதிப்பெண் 5 × 3 + 6 = 21.

ஒன்று விழும் ஆட்டத்தில் முன்னுள்ள ஐந்து உருட்டல்களில் 2 முதல் 6 வரையுள்ள எண்களே விழும்; சராசரி 4. ஆகவே மதிப்பெண் 5 × 4 + 1 = 21.

மாணவியர் இருவரின் வாதத்துக்கும் இதோ தீர்ப்பு. கடைசி உருட்டலில் முதலாமவளுக்கு 5 மிகுதி; முன்னுள்ள ஐந்து உருட்டல்களில் உருட்டலுக்கு ஒன்றாக இரண்டாமவளுக்கு 5 மிகுதி. இரண்டும் முற்றிலும் ஈடாகிவிடுகின்றன. எனினும் சராசரி ஒன்றாவதால் ஆட்டங்களே ஒன்றாகிவிடா. முதலாமவள் 6 க்குக் குறைவாகப் பெறவே முடியாது. இரண்டாமவளோ ஆறில் ஒரு பங்கு நிகழ்தகவுடன் முதல் உருட்டலிலேயே 1 பெற்று முடித்துவிடுவாள்.

முற்றொருமை பொருந்தாத இடங்கள்

விதியைச் சற்றே மாற்றுவோம். ஆறு விழுவதற்கு ஓர் உருட்டல் முன்னதாக நிறுத்தவேண்டும். அதாவது ஆறைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கணக்கில் சேரும் உருட்டல்கள் சராசரியாக 5. முற்றொருமையைக் கருதாமல் பயன்படுத்தினால் 3.5 × 5 = 17.5 என வரும். ஆனால் சரியான விடை, மேலே கண்டபடி, 5 × 3 = 15.

பிழை எங்கே நேர்ந்தது? சீட்டைப் பார்த்தால் விளங்கும். நான்காம் உருட்டல் கணக்கில் சேருமா என்பதை அறிய முதல் மூன்றை மட்டும் பார்த்தால் போதாது. நான்காம் உருட்டலில் ஆறு விழுந்ததா என்பதையும் பார்க்கவேண்டும். சீட்டு அதே உருட்டலைச் சார்ந்துவிட்டது. அடுத்து ஆறு வரப்போகிறது என முன்னறிந்து நிறுத்த எவராலும் இயலாது. எனவே இது நிறுத்த நேரமன்று. ஒரு விதி நிறுத்த நேரமா என ஐயுறும்போது, “அடுத்ததைப் பாராமல் இம்முடிவை எடுக்க முடியுமா?” என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

மற்றொரு வரம்பும் உண்டு: E(N) ஒரு முடிவுறு எண்ணாக இருக்கவேண்டும். நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் ஒரு ரூபாய் பெற்று, பூ விழுந்தால் ஒரு ரூபாய் இழக்கும் ஆட்டத்தைக் கருதுக. மொத்தத்தில் ஒரு ரூபாய் மிகுதியானதும் நிறுத்துவதாக ஒருவர் உறுதிபூண்கிறார். இது நிறுத்த நேரமே. ஆட்டம் என்றேனும் ஒருநாள் முடியும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. முடியும்போது அவர் கையில் மிகுவது எப்போதும் 1 ரூபாய். ஆனால் ஒரு சுண்டலின் எதிர்பார்ப்பு 0. E(N) முடிவுறு எண்ணாக இருந்தால் முற்றொருமைப்படி 1 = 0 என்றாகும். அது இயலாது. எனவே அவர் காத்திருக்கவேண்டிய சுண்டல்களின் எதிர்பார்ப்பு முடிவிலி. உறுதியான ஒரு ரூபாய்க்கு அவர் கொடுக்கும் விலை அதுவே.

வால்டும் முற்றொருமையும்

ஆபிரகாம் வால்டு 1902 ஆம் ஆண்டு, அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த கொலோஷ்வார் நகரில் பிறந்தவர். 1938 இல் அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் பணியாற்றினார். போர்த்தளவாடங்களின் தரத்தை ஆராயும்போது, எத்தனை மாதிரிகளைச் சோதிப்பது என முன்பே வரையறுத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றாகச் சோதித்து, போதிய சான்று கிடைத்ததும் நிறுத்தும் முறையை அவர் உருவாக்கினார். அது தொடர்முறைப் பகுப்பாய்வு எனப்படுகிறது. அதில் சராசரியாக எத்தனை மாதிரிகள் தேவைப்படும் என்பதைக் கணிக்க, நிறுத்தும்போது சேர்ந்திருக்கும் கூடுதலின் எதிர்பார்ப்பை ஒரு மாதிரியின் எதிர்பார்ப்பால் வகுத்தால் போதும். பகடையில் நாம் பெருக்கியதை அவர் வகுத்தலாகப் பயன்படுத்தினார். 1944 இல் இம்முற்றொருமை அவருடைய கட்டுரையில் வெளிவந்தது.

1950 ஆம் ஆண்டு இறுதியில் சொற்பொழிவாற்ற இந்தியா வந்திருந்த வால்டு, டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நேர்ந்த வானூர்தி விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 48.

கற்பவை கற்றபின்

1. ஒற்றைப்படை எண் முதன்முறையாக விழும் வரை பகடையை உருட்டினால், எதிர்பார்க்கப்படும் கூடுதல் 7 என நிறுவுக. நிறுத்திய எண்ணைத் தனியே பிரித்தும் சரிபார்க்க.

2. ‘முதல் பத்து உருட்டல்களுள் கடைசி ஆறு விழுந்ததும் நிறுத்துக’ என்னும் விதி நிறுத்த நேரமாகுமா? காரணம் கூறுக.

3. மாணவியர் இருவரின் ஆட்டங்களையும் ஐம்பது முறை விளையாடி, மதிப்பெண்களின் சராசரியை 21 உடன் ஒப்பிடுக. இரண்டனுள் எதன் மதிப்பெண்கள் மிகவும் சிதறிக் கிடக்கின்றன என்று நோக்கி எழுதுக.