எத்தனை ஆண்டுக்கு வில்லங்கம் போடுவது?

மனை வாங்கப் போகிறவர்களிடம் பத்திர எழுத்தர் முதலில் சொல்வது, "ஈ.சி. போட்டுப் பார்த்துவிடுங்கள்" என்பதுதான். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால் ஒருவர் 13 என்பார், இன்னொருவர் 30 என்பார். சார்பதிவாளர் அலுவலகம் இதில் யோசனை சொல்லாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று விண்ணப்பத்தில் கேட்கிறோமோ, அந்தக் காலத்துக்கு மட்டும்தான் தேடித் தருவார்கள்.

இந்த இரண்டு எண்களும் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தை ஒட்டி வந்தவை. அடமானச் சொத்தின் மீது கடனை வசூலிக்க, கடன் கொடுத்தவர் 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதோடு ஓர் ஆண்டு சேர்த்தால் 13. ஆனால் அந்த 12 ஆண்டு, பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. பணம் கொடுக்க வேண்டிய கெடு நாளிலிருந்துதான் தொடங்குகிறது. பத்தாண்டுக் கெடு வைத்து எழுதிய அடமானம் 22 ஆண்டு வரை உயிரோடிருக்கும். அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க வழக்குப் போடுவதற்கோ 30 ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே 13 ஆண்டு என்பது போதாது என்பதே என் கருத்து.

30 கூட ஒரு பொதுக்கணக்குதான். சரியான தொடக்க ஆண்டு உங்கள் சொத்தின் பத்திரங்களிலேயே இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 2025-இல் ஒருவர் மனை வாங்குகிறார். விற்பவர் அதை 2008-இல் கிரயம் வாங்கியவர். அந்தக் கிரயப் பத்திரத்தில், இந்த இடம் தனக்கு முன் இருந்தவருக்கு 1991-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறது. 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டால் 1995-இல் தொடங்கும். எல்லா உரிமைக்கும் வேரான பாகப்பிரிவினைப் பத்திரம் அதில் வரவே வராது. யார் யாருக்கு எந்தப் பாகம் என்பதும் தெரியாது, பாகம் பிரிப்பதற்கு முன் குடும்பத்தில் யாராவது அடமானம் வைத்திருந்தாலும் தெரியாது. இந்த மனைக்கு 1985-இலிருந்து கேட்பதுதான் பொருத்தம். தாய்ப்பத்திரத்துக்கும் சில ஆண்டு முன்னால் போய் நிற்க வேண்டும்.

ஆண்டைச் சரியாகப் போட்டாலும் சர்வே எண்ணில் கோட்டை விடுகிறவர்கள் பலர். மேற்படி மனையின் இன்றைய பட்டாவில் 112/3B என்று இருக்கிறது. 1991 பத்திரத்திலோ வெறும் 112/3. இடையில் உட்பிரிவு செய்திருக்கிறார்கள். 112/3B என்று மட்டும் கொடுத்துத் தேடினால், உட்பிரிவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை என்று வரக்கூடும். 112/3-ஐயும் சேர்த்துக் கொடுத்தால், அக்கம்பக்கத்து மனைகளின் பத்திரங்களோடு, 1997-இல் ஒரு கூட்டுறவு வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானமும் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கீழே தேட வேண்டும். இல்லையென்றால், அந்த வங்கியில் ரசீது எழுதி வாங்கிப் பதிவு செய்து தரும்படி விற்பவரிடம் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் நீங்கள் சொத்தை எப்படி விவரித்தீர்களோ அப்படித்தான் தேடினோம், பத்திரத்தில் வேறு விதமாக விவரித்திருந்தால் அது இதில் வராது என்று சான்றிலேயே குறிப்பு இருக்கும். பலரும் அதைப் படிப்பதில்லை. அதனால் பழைய பத்திரத்தில் உள்ள சர்வே எண், இன்றைய உட்பிரிவு எண், நகர்ப்புறமானால் பிளாக் எண், நகர சர்வே எண் எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது. கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால், பழைய ஆண்டுகளுக்குப் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் tnreginet.gov.in தளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். வங்கிக்குக் கொடுக்க, கட்டணம் செலுத்திக் கையொப்பமிட்ட சான்று பெற வேண்டும். தளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்தால், பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தேடித் தருவார்கள்.

எத்தனை ஆண்டு கேட்டாலும் இதில் வராதவை உண்டு. பதிவாகாத கிரய ஒப்பந்தம் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் வேறு புத்தகத்தில் இருப்பதால் வராது. வாரிசுரிமையும் வராது, உரிமையாளர் இறந்துபோய் மூன்று மகள்களுக்குப் பங்கு இருக்கிறது என்பதை எந்த வில்லங்கச் சான்றும் சொல்லாது. அதற்கு வாரிசுச் சான்றிதழையும் குடும்பத்தையும்தான் விசாரிக்க வேண்டும்.

பதிவுக்கு முந்தைய நாள் வரைக்கும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். முதல் சான்று வாங்கிய பிறகு இடைப்பட்ட வாரங்களில் வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் அதில்தான் தெரியும். உங்கள் பத்திரம் பதிவான பிறகும் ஒரு முறை போட்டு, உங்கள் பெயரும் உட்பிரிவு எண்ணும் பிழையில்லாமல் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.