கீபோர்டின் சத்தத்தைக் குறைக்க எதை மாற்றுவது?

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியவர்கள், வீட்டில் யாராவது தூக்கம் கெடுகிறது என்று சொன்னதும் முதலில் வாங்குவது ரப்பர் வளையங்களைத்தான். ஓ-ரிங் என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள், விலையும் குறைவு. எல்லாக் கீகேப்புகளையும் பிடுங்கி, அடியிலுள்ள தண்டில் ஆளுக்கொரு வளையம் மாட்டி முடிக்கும்போது ஒரு மாலைப்பொழுது போயிருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தம் பாதிதான் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி ஏன் போகவில்லை?

ஒரு சின்னச் சோதனையில் இது புரியும். ஒரு விசையை மெதுவாகக் கடைசி வரை அழுத்தி, அப்படியே பிடித்திருங்கள். சத்தமே வராது. இப்போது விரலைச் சட்டென்று எடுங்கள். ‘டக்’ என்று கேட்கிறதல்லவா? ஸ்பிரிங் மேலே தள்ளியதும், ஸ்விட்சுக்குள் இருக்கும் தண்டு அதன் மேல்மூடியில் மோதும் ஒலி அது. ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி இரண்டு மோதல்கள்: இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. ஓ-ரிங் கீகேப்புக்கும் ஸ்விட்சின் தலைக்கும் நடுவில் இருப்பதால் இறங்கும் மோதலை மட்டுமே தாங்கும். நீல நிற ஸ்விட்ச் போலக் ‘கிளிக்’ என்று ஒலிப்பதற்காகவே செய்த வகைகளில், அந்தக் கிளிக் பாதி வழியிலேயே உள்ளே பிறந்துவிடுகிறது. அதை எந்த வளையமும் தடுக்காது.

சில கீகேப்புகளில் தண்டு உள்ளே தள்ளி இருக்கும். வளையம் ஸ்விட்சைத் தொடவே தொடாது. மாட்டிய பிறகும் அடிமோதல் முன்போலவே கெட்டியாக இருந்தால் இதுதான் காரணம். தடித்த வளையம் போட்டால் தொடும். ஆனால் வழக்கமாக 4 மில்லிமீட்டர் இறங்கும் விசையின் பயணம் அந்த அளவுக்குச் சுருங்கும், விரலுக்கும் கொழகொழவென்று இருக்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை.

அடுத்தது ஃபோம். கீபோர்டின் அடிப்பகுதியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலிக் குடம்போல ஒலித்தால் ஃபோம் உதவும். உள்ளே சர்க்யூட் போர்டுக்கும் அடிமூடிக்கும் நடுவில் உள்ள வெற்றிடம்தான் மோதல் ஒலியைப் பெருக்கிக் காட்டுகிறது. அதை நிரப்பினால் அந்த எதிரொலி அடங்கும்.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அளக்க எளிய வழி இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சிறு உருண்டைகள் செய்து, பாலிதீன் தாளில் சுற்றி, அடிமூடியில் நாலைந்து இடங்களில் வையுங்கள். மூடித் திருகிவிட்டு மறுபடி திறந்தால், நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் அங்கே உள்ள இடைவெளி. 4 மில்லிமீட்டர் என்று வந்தால் அதே அளவு ஈவிஏ ஃபோம் போதும். 6 மில்லிமீட்டர் ஷீட்டை அமுக்கி மூடினால் போர்டு மேல்நோக்கி வளையும். நடுவரிசை விசைகள் சில வேலை செய்யாமல் போவதும், திருகுகள் முழுதாக இறங்க மறுப்பதும் அதற்கான அறிகுறிகள். வயர்லெஸ் கீபோர்டாக இருந்தால் பேட்டரிக்கு மேல் ஃபோம் வைக்காமல் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். எலக்ட்ரானிக் சில்லுகளைக் குத்தி அனுப்பும் கறுப்பு ஃபோம் கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அது மின்சாரம் கடத்தும் வகை, போர்டு ஷார்ட் ஆகிவிடும்.

ஸ்விட்சுகளைப் பிடித்து வைத்திருக்கும் பிளேட்டை மாற்றுவது பெரிய வேலை. இரும்பு, பித்தளைப் பிளேட்டுகள் கணீரென்று ஒலிக்கும். பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் பிளேட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் ஒலி தாழ்ந்து வரும். சத்தத்தின் அளவைவிட அதன் சுருதிதான் இதில் அதிகம் மாறுகிறது, ஆனாலும் காதை உறுத்துவது குறையும். ஸ்விட்சுகள் போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால் எண்பதுக்கும் மேற்பட்ட ஸ்விட்சுகளின் ஈயத்தையும் உருக்கி எடுக்க வேண்டியிருக்கும். வெறும் அமைதிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பக்கத்தில் ஒருவர் தூங்க வேண்டும் என்றால், பணத்தைச் சைலன்ட் ஸ்விட்சுகளில் போடுவதே சரி. அவற்றின் தண்டிலேயே மேலும் கீழும் மெத்தென்ற ரப்பர் துண்டுகள் இருப்பதால் இரண்டு மோதல்களும் அடங்கும். ஸ்விட்சைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் கீபோர்டாக இருந்தால் சாலிடரிங் தேவையில்லை. மற்ற விசைகள் அடங்கியதும் ஸ்பேஸ் பாரின் கடகடப்பு தனியாகக் கேட்கத் தொடங்கும். அது ஸ்விட்சின் ஒலியல்ல, நீளமான விசை சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி அதன் கூட்டுக்குள் ஆடுகிறது. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸைக் கொஞ்சம் தாராளமாகத் தடவினால் போதும்.