ஐந்து நிமிடத்தில் மாறிவிடும் படம்

திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டில் புது டிவி மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. "வெளிச்சத்தக் குறைச்சு வச்சா, கொஞ்ச நேரத்துல பழையபடி ஏறிருதுடே. கண்ணு கூசுது. கரண்டு வந்து வந்து போகுதுல்லா, அதுல போர்டு போயிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். மெனுவில் 50 என்றிருந்த வெளிச்ச அளவை 30-க்கு இறக்கினார். படம் கண்ணுக்கு இதமானது. ரிமோட்டை டீப்பாய்மேல் வைத்துவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். சில நிமிடம் கழித்துத் திரை சட்டென்று பளீரென்று எரிந்தது. வாசிப்பவரின் முகம் செம்மஞ்சளாகிவிட்டது. மெனுவைத் திறந்தால் அளவு மறுபடி 50. இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரையின் ஓரத்தில் அந்த டிவியின் சிறப்புகளைச் சொல்லும் விளம்பரப் பட்டை ஒன்று வந்து போனது. போர்டு பழுதானால் விளம்பரம் வராது. டிவி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் மென்பொருள் இன்னும் கடையில்தான் இருந்தது.

இதைத்தான் கடை முறை என்கிறோம். ஷோரூமில் தலைக்குமேல் வரிசையாக விளக்குகள் எரியும். பக்கத்தில் இருபது டிவிகள் ஓடும். அந்த வெளிச்சத்தில் எடுபடுவதற்காகப் படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ரிமோட்டை எடுத்து எதையாவது மாற்றிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் ஊழியர் ஓடிவந்து சரிசெய்ய முடியாது. ஆகவே குறிப்பிட்ட நேரம் ஆனதும் டிவி தானாகவே பழைய அளவுகளுக்குத் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். சாம்சங் டிவிகளின் கையேடு இதை நேராகவே சொல்கிறது: கடை முறையில் இருந்தால் படமும் ஒலியும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குப் போய்விடும். நாம் வைத்த அளவை டிவி மறக்கவில்லை. அழிக்கச் சொன்னதால் அழிக்கிறது.

புது டிவிக்குள் இது எப்படி வருகிறது? முதல்முறை டிவியைப் போடும்போது மொழி, வைஃபை என்று வரிசையாகக் கேட்கும் திரைகளில், பயன்படுத்துவது வீட்டிலா கடையிலா என்ற கேள்வியும் வருவதுண்டு. டிவி மாட்ட வந்தவரோ வீட்டுப் பிள்ளைகளோ அவசரத்தில் கடை என்பதை அழுத்திவிட்டால் போதும். ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்பிளே பீஸை விலை குறைத்து வாங்கியவர்களுக்கும் இதே நிலை வரலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், காரணம் இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதேபோல் தோன்றும் வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் மின்சாரச் சேமிப்பு வசதியும். அவை வேலை செய்யும்போது படம் மாறுமே தவிர, மெனுவில் நாம் வைத்த எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரண்டாவது, பல டிவிகள் செட்டாப் பாக்ஸுக்குத் தனியாக, யூடியூப் போன்ற செயலிகளுக்குத் தனியாகப் பட அளவுகளை நினைவில் வைத்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் அளவு மாறியதுபோல் தெரியும். திரும்பி வந்தால் நாம் வைத்தது அங்கேயே இருக்கும். கடை முறையின் அடையாளம் வேறு. ஒரே சேனலில், யாரும் ரிமோட்டைத் தொடாதபோது, எண்ணே மாறிவிடும். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

சித்தப்பா சந்தேகப்பட்டதுபோல் மின்தடை இதற்குக் காரணமில்லை. பட அளவுகள் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில்தான் பதிவாகின்றன. சுவரில் ஸ்விட்சை அணைத்தாலும் அவை போகாது.

இனி மாற்றும் வழி. அண்மைக்கால சாம்சங் டிவிகளில் Settings-க்குள் போய் General என்பதை (சில மாடல்களில் General & Privacy) எடுங்கள். அதற்குள் System Manager, அதற்குள் Usage Mode இருக்கும். உள்ளே நுழைய நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். நீங்கள் மாற்றாதவரை அது 0000. அடுத்த திரையில் Retail Mode என்பதை விட்டு Home Mode என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. எல்ஜி டிவியில் தேட வேண்டிய பெயர் Home/Store Mode. அது General பகுதியில் இருக்கும். சில மாடல்களில் System, Additional Settings என்று இன்னும் இரண்டு படி உள்ளே போக வேண்டும். பட்டியலின் வரிசை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். ஆகவே வழியை மனப்பாடம் செய்வதைவிட Home, Store, Retail, Demo ஆகிய சொற்களைத் தேடுவது சுலபம்.

ஆண்ட்ராய்டு, கூகுள் டிவி வகை சோனியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே Retail mode settings என்ற பகுதியில் இரண்டு ஸ்விட்சுகள் உண்டு. Demo mode என்பது விளம்பரக் காட்சிக்கு. Picture reset mode என்பது பட அளவுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதற்கு. முதலாவதை மட்டும் அணைத்தால் விளம்பரம் நின்றுவிடும். நாமும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்துவிடுவோம். இரண்டாவது ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும்.

எதுவும் கண்ணில் படவில்லையென்றால் டிவியை முழுவதுமாக ரீசெட் செய்யலாம். ஆனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். வைஃபை கடவுச்சொல், செயலிகள், அவற்றில் நுழைந்திருந்த கணக்குகள் எல்லாம் போய்விடும். முதலிலிருந்து சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ரீசெட்டுக்குப் பிறகு டிவி அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்கலாம். அங்கே வீடு என்று பதில் சொல்லாவிட்டால் செய்த வேலை வீணாகும்.

முறையை மாற்றியதும் படம் தானாக மென்மையாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். Dynamic, Vivid போன்ற பளீர் படத்தேர்வு அப்படியே நிற்கக்கூடும். அதை Standard அல்லது Movie என்று மாற்றுங்கள். பிறகு உங்கள் அறைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறையுங்கள். இந்த முறை அது நிலைக்கும். ஓஎல்இடி திரை என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. உச்ச வெளிச்சத்தில் விளம்பரப் பட்டை ஒரே இடத்தில் வெகுநாள் நின்றால், அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிட வாய்ப்புண்டு.

சித்தப்பா வீட்டு டிவியை வீட்டு முறைக்கு மாற்றி, வெளிச்சத்தை 30-இல் வைத்தோம். பத்து நிமிடம் பார்த்தோம், எண் அசையவில்லை. அவருக்கு அதுவும் போதவில்லை. இரவு படுக்கும்போது சுவர் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். காலையில் காபி குடிக்கும் முன்பே டிவியைப் போட்டு மெனுவைத் திறந்து பார்த்தார். "30-லயே இருக்குடே" என்றார்.