ரோகிணி எவ்வளவு பெரியது?

சென்ற இதழில் ஒரு விண்மீனின் நிறமாலையிலிருந்து அதன் மேற்பரப்பு வெப்பநிலையைக் கண்டறிவதைப் பார்த்தோம். இந்த வாரம் அந்த எண்ணோடு ஹெர்ட்ஸ்ப்ரங்-ரஸ்ஸல் வரைபடத்துக்குள் போவோம். அதில் மேலே போகப் போக உண்மையான ஒளிர்வு கூடும். இடப்பக்கம் போகப் போக வெப்பம் கூடும். சூரியன் உட்படப் பெரும்பாலான விண்மீன்கள் குறுக்கே செல்லும் ஒரு பட்டையில் அமர்கின்றன. ரோகிணி அதில் இல்லை.

ரோகிணியின் வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின், சூரியனுடையது 5,770. தொலைவு 65 ஒளியாண்டு. அதைக் கொண்டு கணக்கிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ரோகிணி ஏறத்தாழ 150 சூரியன்களுக்குச் சமம். இத்துடன் நின்றுவிடக் கூடாது. இவ்வளவு குளிர்ந்த விண்மீன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்பில்தான் வெளியிடுகிறது. அதையும் சேர்த்தால் ஒளிர்வு சூரியனைப் போல் 430 மடங்கு.

இனி அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பு உமிழும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் மாறும். ஆகவே ரோகிணியின் ஒரு சதுர மீட்டர், சூரியனுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும். அப்படியிருந்தும் 430 மடங்கு ஒளிர வேண்டுமானால் பரப்பு 2,000 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் ஏறக்குறைய 45 மடங்கு. அகச்சிவப்பை விட்டிருந்தால் 27 என்று வந்திருக்கும்.

இதைச் சரிபார்க்க நிலா உதவுகிறது. ரோகிணியை அவ்வப்போது நிலா மறைக்கும். அப்போது ஒளி சட்டென்று அணையாமல், நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் படிப்படியாகத் தேயும். அந்தத் தேய்வை அளந்தால் விண்மீனின் கோண விட்டம் கிடைக்கும்: சுமார் 0.02 கோண வினாடி. 65 ஒளியாண்டுத் தொலைவில் அது சூரியனைப் போல் 44 மடங்கு. வேறு வழியில் வந்த விடை இவ்வளவு நெருங்கி நிற்பதுதான் அந்த 45-ஐ நம்ப வைக்கிறது.

தொலைவு தவறினால் எல்லாம் தவறும். வானில் ரோகிணி ஹையடிஸ் கொத்தின் நடுவே இருப்பதாகத் தோன்றும். அந்தக் கொத்தோ 150 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. ரோகிணியையும் அங்கே வைத்துக் கணக்கிட்டால் ஒளிர்வு ஐந்து மடங்குக்கு மேல் கூடும், ஆரம் இரட்டிப்பைத் தாண்டும்.

சரியான புள்ளி பட்டையின் வலப்பக்கம், உயரத்தில் விழுகிறது. அது செம்பெருமீன்களின் இடம். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியமாகி, அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் எரிகிறது. வெளியடுக்குகள் விரிந்து குளிர்ந்துவிட்டன. ஆனால் மையத்து ஹீலியத்தையும் எரித்து முடித்த விண்மீன், இரண்டாம் முறை ஏறும்போதும் ஏறத்தாழ இதே வழியில்தான் வரும். ஒரு கொத்தில் வயது ஒன்றாக இருப்பதால் இரண்டு ஏற்றங்களும் அடுத்தடுத்த தடங்களாகத் தெரியும். ரோகிணிக்கு அப்படியொரு கூட்டம் இல்லை. வெப்பநிலையிலும் நிறையிலும் உள்ள சிறு ஐயமே அந்த இரு தடங்களின் இடைவெளியை மறைத்துவிடுகிறது.