கறுப்புப் பட்டை போதாது!
பிடிஎஃப் கோப்பில் பெயரையும் எண்ணையும் அடியோடு நீக்குவது எப்படி?

2019 ஜனவரி 8. டொனால்ட் டிரம்பின் 2016 தேர்தல் பிரசாரத்துக்குத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள், வாஷிங்டன் நீதிமன்றத்தில் ஒரு பிடிஎஃப் கோப்பைத் தாக்கல் செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைப்பதாகச் சொன்ன பிறகும் மனஃபோர்ட் விசாரணைக் குழுவிடம் பொய் சொன்னார் என்று சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் தரப்பு குற்றம்சாட்டியிருந்தது. அதற்கான பதில் மனு அது. வெளியே தெரியக் கூடாத வரிகள் மீதெல்லாம் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள்.

செய்தியாளர்கள் அந்தக் கோப்பைத் திறந்து, கறுப்புப் பட்டையைச் சுட்டியால் இழுத்துத் தேர்வுசெய்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டினார்கள். மறைத்த வரிகள் அப்படியே வந்து விழுந்தன. பிரசாரக் காலத்துக் கருத்துக்கணிப்புத் தரவுகளை கான்ஸ்டன்டின் கிலிம்னிக் என்பவரிடம் மனஃபோர்ட் பகிர்ந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே உலகம் முழுவதும் செய்தியானது. வழக்கறிஞர்கள் திருத்திய கோப்பைப் பிறகு தாக்கல் செய்தார்கள். ஆனால், அதற்குள் முதல் கோப்பு எல்லோர் கையிலும் இருந்தது.

இதற்கு எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை. கடவுச்சொல் எதையும் யாரும் உடைக்கவில்லை. இதே தவறு நம் அலுவலகங்களிலும், குடியிருப்போர் சங்கங்களிலும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பட்டியல்களிலும் அன்றாடம் நடக்கக்கூடியது. ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால், தடுப்பது கடினமில்லை.

பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது?

பிடிஎஃப் பக்கத்தைப் பார்த்தால் அச்சிட்ட தாள் போலத் தெரியும். உண்மையில் அது ஒரு கட்டளைப் பட்டியல். ‘இந்த இடத்தில் இந்த எழுத்துகளை வை’, ‘அந்த இடத்தில் ஒரு கோடு போடு’ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். ஒரு வங்கிக் கணக்கு எண்ணைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்த பக்கத்தைச் சுருக்கம் நீக்கிப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
BT /F1 12 Tf 72 700 Td (A/c No: 1234567890) Tj ET
0 g
114 696 68 14 re f
```

முதல் வரி, எண்ணை எழுதச் சொல்கிறது. இரண்டாவது வரி, நிறத்தைக் கறுப்பாக மாற்றச் சொல்கிறது. மூன்றாவது வரி, எண் இருக்கும் இடத்தில் ஒரு செவ்வகத்தை நிரப்பச் சொல்கிறது. கவனியுங்கள்: கட்டம் போட்டதால் கோப்பில் இரண்டு வரிகள் கூடியிருக்கின்றனவே தவிர, எண் எங்கும் போகவில்லை. கோயில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது போன்ற வேலை இது. மேலே வெள்ளை தெரியும், கீழே எழுத்து இருக்கும்.

வேர்டில் எழுத்தின் பின்னணியைக் கறுப்பாக்கிவிட்டு பிடிஎஃப்பாக மாற்றினாலும் இதே கதைதான். எழுத்தை வெள்ளையாக்கி வெள்ளைத் தாளில் ஒளித்தாலும் இதேதான். பக்கத்தின் ஓரத்தை ‘கிராப்’ செய்தால், வெட்டிய பகுதி பார்வையிலிருந்துதான் போகும், கோப்பிலேயே கிடக்கும். கட்டம் போட்ட கோப்பை ‘Print to PDF’ கொடுத்து மறுபடி சேமித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் எழுத்தும் கட்டமும் சேர்ந்தே புதிய கோப்புக்குப் போய்விடும்.

ஸ்கேன் செய்த தாள்களில் இன்னொரு பொறி உண்டு. பல ஸ்கேனர்கள் படத்தோடு நிற்பதில்லை. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு, தேடுவதற்கு வசதியாகக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தடுக்கைச் சேர்த்து வைக்கின்றன. படத்தில் பெயரை அழித்தாலும், அந்த அடுக்கில் பெயர் இருந்துகொண்டிருக்கும்.

நீக்கும் வழிகள் இரண்டு

முதல் வழி, இதற்கென்றே உள்ள கருவி. அடோபி அக்ரோபாட் ப்ரோவில் ‘Redact’ என்ற வசதி இருக்கிறது. கட்டணம் செலுத்தும் பதிப்பில்தான் கிடைக்கும். இலவச ரீடரில் கிடையாது. இதில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. நீக்க வேண்டிய இடங்களை முதலில் குறிக்க வேண்டும். பிறகு ‘Apply’ கொடுக்க வேண்டும். குறித்ததோடு நிறுத்திச் சேமித்துவிட்டால் எதுவும் நீங்கியிருக்காது. அது வெறும் அடையாளம். ‘Apply’ கொடுக்கும்போதுதான் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகள் கட்டளைப் பட்டியலிலிருந்தே வெளியேற்றப்படுகின்றன. கூடவே ‘Sanitize’ வசதியையும் பயன்படுத்த வேண்டும். கோப்பை உருவாக்கியவர் பெயர், ஓரக் குறிப்புகள், இணைப்புகள், மறைந்திருக்கும் எழுத்தடுக்கு போன்றவற்றை அது நீக்கும். உள்ளே பெயரை அழித்துவிட்டு, கோப்பின் தலைப்பிலேயே அந்தப் பெயரை விட்டுவைப்பதும் நடக்கிறது. அதையும் பாருங்கள்.

இரண்டாவது வழிக்குச் செலவில்லை. பக்கத்தைப் படமாக்கிவிடுவது. அடிப்படை எளிது: படத்தில் எழுத்து என்று எதுவும் கிடையாது, புள்ளிகள் மட்டுமே. கறுப்பு வைத்த இடத்தில் பழைய புள்ளி இருக்காது. லிபர்ஆபிஸ் 6.3 முதல் ‘Tools’ பட்டியலில் ‘Redact’ இருக்கிறது. அது ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி, அதன் மேல் நீங்கள் கட்டம் வரைய விட்டு, முடிவில் படங்களாலான பிடிஎஃப்பைத் தருகிறது. கட்டளை எழுதிப் பழகியவர்கள் இப்படியும் செய்யலாம்:

```
pdftoppm -r 200 -png manu.pdf pakkam
```

மனுவின் ஒவ்வொரு பக்கமும் அங்குலத்துக்கு 200 புள்ளி அளவில் ஒரு படமாக வரும். பெயிண்ட் போன்ற செயலியில் திறந்து, பெயரின் மேல் கெட்டிக் கறுப்பு நிரப்பி, அதே படமாகச் சேமியுங்கள். பிறகு:

```
img2pdf pakkam-*.png -o veliyeedu.pdf
```

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. கோப்பின் அளவு பெருக்கும். அதில் யாரும் தேட முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. தேடும் வசதி வேண்டுமென்றால், கறுப்பு வைத்த பிறகு படங்களிலிருந்து எழுத்தடுக்கைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். வரிசை மாறக் கூடாது: முதலில் நீக்கம், பிறகு எழுத்தடுக்கு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கறுப்புக்குப் பதிலாக மங்கலாக்குவதும், கட்டங்கட்டமாகச் சிதைப்பதும் பாதுகாப்பல்ல. இலக்கங்கள் மொத்தமே பத்து. ஒவ்வொன்றையும் அதே மாதிரி சிதைத்து ஒப்பிட்டுப் பார்த்து, எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க நிரல்கள் இருக்கின்றன.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனி எச்சரிக்கை

அக்ரோபாட்டில் ஒரு சொல்லைத் தேடி, அது வரும் இடங்களையெல்லாம் ஒரே மூச்சில் குறிக்கலாம். ஆங்கிலத்தில் நன்றாக வேலை செய்யும். தமிழில் இதை நம்ப வேண்டாம். பிடிஎஃப் பல நேரங்களில் எழுத்துருவின் வடிவ எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை அரைகுறையாக இருந்தால், கொம்பும் காலும் இடம் மாறி, திரையில் ‘செல்வி’ என்று தெரிவது தேடலுக்குச் சிக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பெயர் ஆறு இடங்களில் இருக்கும். தேடல் ‘இல்லை’ என்று சொல்லும்.

இதே காரணத்தால் சோதனையும் ஏமாற்றும். கட்டத்துக்கு அடியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது புரியாத எழுத்துகள் வந்தால், ‘படிக்க முடியவில்லை, பரவாயில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டால் பெயர் சில நொடிகளில் வந்துவிடும். எதுவுமே வராமல் இருப்பதுதான் தேர்ச்சி. ஆகவே, தமிழ்க் கோப்பைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்து, கையால் கட்டம் வரையுங்கள். படமாக்கும் வழிதான் தமிழுக்கு நம்பகமானது.

அனுப்பும் முன் சோதனை

முடித்த கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். கணக்கு எண்ணைத் தேடுவதென்றால் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் தேடுங்கள். முழு எண்ணைத் தேடினால், இடைவெளி விட்டு அச்சிட்ட எண் தப்பிவிடும்.

```
pdftotext veliyeedu.pdf - | tr -d ' ' | grep 7890
```

சில செயலிகள் சேமிக்கும்போது பழைய உள்ளடக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றங்களைக் கோப்பின் வாலில் சேர்க்கும். வாலை வெட்டினால் பழைய பக்கம் திரும்பிவிடும். மேலே சொன்ன சோதனைகளில் இது தெரியாது. அதனால் எப்போதும் புதிய பெயரில் ‘Save As’ கொடுத்து முழுக் கோப்பையும் புதிதாக எழுதவிடுங்கள். படமாக்கும் வழியில் இந்தச் சிக்கலே எழாது.

இவ்வளவு செய்த பிறகும் மிஞ்சுவது ஒன்று உண்டு: ஊகம். கட்டத்தின் நீளம், மறைந்திருக்கும் பெயர் சின்னதா பெரியதா என்று சொல்லிவிடும். ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் அதுவே போதும். எல்லாக் கட்டங்களையும் ஒரே நீளத்தில் போடுங்கள். எண்களைப் பாதி மறைப்பதும் அப்படித்தான். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணில் மூன்றை மறைத்தால் மிஞ்சும் வாய்ப்புகள் ஆயிரம்தான். ஆதாரின் 12ஆவது இலக்கம், மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. எனவே ஓர் இலக்கத்தை மட்டும் மறைப்பதில் பயனே இல்லை. முகமூடி ஆதாரில் முதல் எட்டு இலக்கங்களை மறைக்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, வெளியிடக் கூடாத பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. பிரிப்பது என்றால் கோப்பிலிருந்தே எடுத்துவிடுவதுதான். மேலே வண்ணம் பூசுவது அல்ல. பொதுத் தகவல் அலுவலர்களும், பட்டியல் வெளியிடும் சங்கச் செயலாளர்களும், புகார் மனுவைப் பகிரும் ஒவ்வொருவரும் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள், நகலில் மட்டும் நீக்குங்கள், அனுப்பும் முன் அந்த வேலையைச் செய்யாத இன்னொருவரிடம் கொடுத்து ‘இதிலிருந்து பெயரை எடுக்க முடிகிறதா பார்’ என்று சொல்லுங்கள். அவர் தோற்ற பிறகு அனுப்புங்கள்.