மெமோ வந்த அன்றைக்கே

அம்பத்தூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டில் ஒரு மெஷின் ஆபரேட்டருக்கும் சூப்பர்வைசருக்கும் வாய்த்தகராறு. இரண்டு நாள் கழித்து ஆபரேட்டர் கையில் ஒரு மெமோ வருகிறது. அனுமதியின்றி மெஷினை விட்டுப் போனார், மேலதிகாரியைத் தகாத வார்த்தையால் திட்டினார், மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். மனிதவளப் பிரிவு அதிகாரி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அன்பாகப் பேசுகிறார்: “பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. ‘தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க’ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இதோட முடிஞ்சுடும்.”

அவரும் எழுதிக் கொடுக்கிறார். ஒரு மாதம் கழித்து குற்றப்பத்திரிகை வருகிறது. அடுத்து உள்விசாரணை. அங்கே நிர்வாகத் தரப்பின் முதல் ஆவணமாக வைக்கப்படுவது அந்த ஒரு வரிதான். அப்போதுதான் அவருக்குச் சங்கத்தின் நினைவு வருகிறது.

சங்க அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் செயலாளர்கள் அலுத்துக்கொள்வது இதைப் பற்றித்தான். ஆட்கள் வருகிறார்கள், ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு வருகிறார்கள். தொழிற்சங்கம் என்றால் வேலைநிறுத்தம், கொடி, வாயிற்கூட்டம் என்று பத்திரிகைப் படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. ஒரு சங்கத்தின் அன்றாட உழைப்பில் பெரும்பகுதி காகிதத்தில் நடக்கிறது. தனி ஒரு தொழிலாளிக்கு அது அதிகம் உதவக்கூடிய தருணம், மெமோவுக்கும் பதில் கடிதத்துக்கும் இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்.

அந்த நாட்களில் செயலாளர் செய்வது எளிமையான வேலை. மெமோவில் தேதி, நேரம், இடம், சொன்னதாகக் கூறப்படும் வார்த்தை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பார். ‘தகாத வார்த்தை’ என்று மட்டும் இருந்தால், எந்த வார்த்தை என்று கேட்டு எழுதச் சொல்வார். சூப்பர்வைசரின் புகார்க் கடிதத்தின் நகலைக் கேட்பார். அவகாசம் போதாவிட்டால் கூடுதல் நாள் கேட்டு ஒரு கடிதம் போகும். நிலையாணையில், அதாவது தொழிலாளர் பேச்சில் ஸ்டாண்டிங் ஆர்டரில், இந்தக் குற்றம் எந்தப் பிரிவில் வருகிறது, அதற்கு என்னென்ன தண்டனை என்று புரட்டிப் பார்ப்பார். பிறகு உண்மை என்னவோ அதை மட்டும் சொல்லும் ஒரு பதில். நம் ஆபரேட்டர் கழிவறைக்குப் போகப் பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அது அந்தப் பதிலிலேயே இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து விசாரணையில் முதன்முறையாகச் சொன்னால், பிறகு யோசித்துச் சேர்த்தது என்பார்கள்.

வருத்தம் தெரிவிக்கவே கூடாதா? தவறு நடந்திருந்தால் தெரிவிக்கலாம். அதைக்கூட ‘குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன்’ என்று படிக்க முடியாதபடி எழுதும் பழக்கம் அனுபவமுள்ள செயலாளர்களுக்கு உண்டு. மெமோவையே வாங்க மறுப்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் பயனில்லை. அது தபாலில் வரும், அல்லது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், நாள் ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்தது விசாரணை. இது நீதிமன்றம் அல்ல. விசாரணை அதிகாரி பெரும்பாலும் நிர்வாகம் அமர்த்திய வழக்கறிஞராகவோ இன்னொரு அதிகாரியாகவோ இருப்பார். தொழிலாளி பக்கத்தில் உதவிக்கு யார் உட்காரலாம் என்பதை நிலையாணைதான் முடிவு செய்கிறது. சில இடங்களில் சக தொழிலாளி மட்டும், சில இடங்களில் சங்க நிர்வாகியும். விதியில் இடமில்லாவிட்டால் சங்கப் பிரதிநிதியை உரிமையாகக் கேட்க முடியாது என்று டாடா லோகோமோடிவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்தவர் வாதாடினால் ஊழியருக்கும் வழக்கறிஞர் உதவியை மறுக்கக் கூடாது என்று பம்பாய் துறைமுக வழக்கில் 1983-இல் அதே நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

உதவிக்கு உட்காருபவரின் வேலை சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதோடு முடிவதில்லை. அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகலை அன்றே வாங்குவது, தமிழில் சொன்ன பதில் ஆங்கிலத்தில் வேறாக மாறியிருந்தால் ஆட்சேபத்தைப் பதியச் சொல்வது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவிடாமல் தடுப்பது, கோபத்தில் வெளிநடப்பு செய்யவிடாமல் உட்காரவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வெளிநடப்பு செய்தால் விசாரணை ஒருதலைப்பட்சமாக நடந்து முடியும். ஆட்சேபத்தைப் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தால், பின்னால் லேபர் கோர்ட்டில் ‘விசாரணை நியாயமாக நடக்கவில்லை’ என்று காட்டக் கையில் ஏதாவது இருக்கும்.

வங்கி ஊழியர்களுக்கு இது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட உரிமை. 2002 ஏப்ரல் 10 அன்று வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் செய்துகொண்ட இருதரப்பு ஒப்பந்தப்படி, விசாரணையில் பதிவுபெற்ற வங்கி ஊழியர் சங்கத்தின் பிரதிநிதி ஊழியருக்காக வாதாடலாம். ஆனால் விசாரணை தொடங்குவதாக முதலில் அறிவிக்கப்பட்ட நாளில் அந்த ஊழியர் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சந்தா கட்டி வாங்கிய ரசீது இங்கே உதவாது.

சங்கத்திடம் மட்டுமே இருக்கும் இன்னொன்று, ஆலையின் நினைவு. போன வருடம் இதே குற்றத்துக்கு இன்னொருவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்களா என்பது தனியாளுக்குத் தெரியாது. சங்கத்தின் கோப்பில் இருக்கும். அதைவிட முக்கியம், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையே ஏதாவது கோரிக்கை சமரச அதிகாரி முன் நிலுவையில் இருக்கிறதா என்பது. போனஸோ சம்பள உயர்வோ, ஏதோ ஒரு பேச்சு அங்கே நடந்துகொண்டிருந்தால், அதில் சம்பந்தப்பட்ட தொழிலாளியை நிர்வாகம் தன்னிஷ்டப்படி வெளியே அனுப்ப முடியாது. ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த அதிகாரியின் ஒப்புதலுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டு என்றால் முன்அனுமதியே வேண்டும். இதைச் செய்யாத வேலைநீக்கம் செல்லாது என்று 2002-இல் ஜெய்ப்பூர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வேலை போன ஒருவர் தனக்குச் சம்பந்தமில்லாத போனஸ் பேச்சுவார்த்தையில் தன் வேலை தப்பியிருக்கிறது என்று எப்படி யோசிப்பார்? செயலாளர் யோசிப்பார்.

இனி, தனியாளாகவே சட்டத்தின் வாசலுக்குப் போக முடியுமா என்ற கேள்வி. வேலைநீக்கம், ஆட்குறைப்பு என்றால் முடியும். 1965-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2ஏ பிரிவு சேர்ந்ததிலிருந்து இது உண்டு. ‘டூ-ஏ போட்டாச்சா?’ என்று லேபர் ஆபீஸ் வாசலில் கேட்பது இதைத்தான். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் இந்த வழி இருக்கிறது. சமரச அதிகாரியிடம் விண்ணப்பித்து 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் முன்பு மூன்று வருடமாக இருந்த கெடு, இப்போது வேலை போன நாளிலிருந்து இரண்டு வருடம்.

வேலை போகவில்லை, ஆனால் இன்கிரிமெண்டை வெட்டிவிட்டார்கள், தூர ஊருக்கு மாற்றிவிட்டார்கள், பதவி உயர்வில் தாண்டிப் போய்விட்டார்கள் என்றால் கதை வேறு. அது தொழில் தகராறாக மாற, அந்த நிறுவனத்தின் தொழிலாளர் சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் பிரச்சினையாக எடுக்க வேண்டும். இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு ஒரு சென்னைப் பத்திரிகையின் வழக்கில் வந்தது. ‘தி இந்து’வுக்காகப் பம்பாயில் பணியாற்றிய ஒருவருக்காக அந்நகரப் பத்திரிகையாளர் சங்கம் வழக்கை எடுத்தது. அது பல பத்திரிகைகளின் ஊழியர்கள் சேர்ந்த பொதுச் சங்கம். அந்தப் பத்திரிகையின் சொந்த ஊழியர்கள் அவர் பக்கம் நின்றதாகக் காட்ட முடியவில்லை. எனவே இது தனிநபர் தகராறுதான் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்படும் நாளில் ஆதரவு இருக்க வேண்டும், பிறகு திரட்டியது கணக்கில் வராது என்பதும் அதே தீர்ப்பு.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். தொழிலாளி அங்கே ஒரு வருடத்துக்குள் தானே மனு கொடுக்கலாம். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம், ஆனால் தான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாக. சங்கமே வேண்டாம் என்று இருந்தவருக்கு அந்த இடத்தில் கதவு ஒட்டிக்கொள்ளும்.

சங்கம் எல்லாவற்றையும் எடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருட்டுக் குற்றச்சாட்டில் பல சங்கங்கள் ஒதுங்கிக்கொள்ளும். புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் நிர்வாகிகள் தவித்துப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெளி வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது. பெரும்பான்மைச் சங்கத்துக்கும் உங்கள் சங்கத்துக்கும் ஆகாது என்றால், உங்கள் பிரச்சினை அவர்கள் சண்டையில் ஒரு சீட்டாகவும் ஆகலாம். சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம், தொழிலாளர் பேச்சில் ‘12(3)’, உறுப்பினர் அல்லாதவரையும் கட்டுப்படுத்தும். எனவே பிடித்த சங்கமோ இல்லையோ, பேச்சு மேஜையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது அவசியம். அரசு ஊழியர் சங்கங்களின் நிலை வேறு. அவர்களின் வழக்கு லேபர் கோர்ட்டுக்குப் போகாது. விசாரணையில் துணையாகச் சக அரசு ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், சங்கத்தில் பழுத்த ஆட்களைத் தேடுவது அதற்காகத்தான்.

இடைநீக்கத்தில் இருப்பவர் பிழைப்பூதியத்தை விட்டுவிடக் கூடாது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, விசாரணை இழுப்பதற்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் அதன் பிறகு முக்கால் பங்கு. அதைக் கொடுக்காமல் நடத்திய விசாரணையே பின்னால் கேள்விக்குள்ளாகலாம். தொகை வரவில்லையென்றால் சங்கம் அதற்கெனத் தனிக் கடிதம் எழுதும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ராஜினாமா. “நீங்களே எழுதிக் கொடுத்துட்டா நல்ல சர்டிபிகேட் தர்றோம்” என்று மூடிய அறையில் கேட்கும்போது, “சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன் சார்” என்று எழுந்து வருவதற்குச் சட்டம் எதுவும் தடையில்லை. எழுதியே கொடுத்துவிட்டால்கூட, நிர்வாகம் ஏற்கும் முன்னால் திரும்பப் பெறலாம். ஆகவே அன்று சாயங்காலமே ‘மிரட்டி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன்’ என்று மின்னஞ்சலும் மறுநாள் காலையில் பதிவுத்தபாலும் போக வேண்டும், நகல் லேபர் ஆபீசுக்கு. ஒரு வாரம் யோசித்து, கணக்குத் தொகையையும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பவருக்காக எந்தச் செயலாளராலும் அதிகம் செய்ய முடிவதில்லை.