ஆழமான சொத்தையில் பல்கூழைக் காப்பது

பல்லின் மேலே கடினமான எனாமல், அதற்கு அடியில் டென்டின், நடுவில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பல்கூழ். சொத்தை டென்டினைத் துளைத்துக்கொண்டு கூழுக்கு மிக அருகில் வந்துவிட்ட பல்லிலும், கூழ் இன்னும் உயிரோடு இருந்தால் ரூட் கெனால் சிகிச்சையைத் தவிர்க்க முடியும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கூழின்மேல் மெல்லிய டென்டின் படலத்தை விட்டுவைத்து, அதன்மேல் மருந்தையும் அடைப்பையும் வைப்பது மறைமுகக் கூழ்மூடல். கூழ் திறந்துவிட்டால், திறந்த இடத்தின்மேலேயே மருந்தை வைத்து மூடுவது நேரடிக் கூழ்மூடல்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டிலும் பல்லுக்குள் நடப்பது வேறு. கூழின் விளிம்பில் டென்டினைச் சுரக்கும் செல்கள் வரிசையாக இருக்கின்றன. சொத்தை நெருங்கும்போது அவை கூடுதலாக டென்டினைச் சுரந்து தடுப்பை எழுப்பும். மறைமுக முறையில் இந்தச் செல்கள் சாகாமல் தங்கள் வேலையைத் தொடர்கின்றன. கூழ் திறந்த இடத்திலோ அந்த வரிசை அழிந்துபோகிறது. கூழுக்குள்ளிருக்கும் மூலச்செல்கள் அங்கே வந்து, டென்டின் சுரக்கும் செல்களைப் போல மாறி, திறப்பின் குறுக்கே புதிய சுவரைக் கட்ட வேண்டும். இது ஒரு காயம் ஆறுவது. அதனால்தான் முடிந்தவரை கூழைத் திறக்காமல் விடுவதே நல்லது.

இந்தக் காயம் எப்போது ஆறும், எப்போது ஆறாது என்பதை 1965-இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் அமெரிக்காவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பல்கூழைத் திறந்து அப்படியே விட்டபோது, எந்த மருந்தும் இல்லாமல் அது ஆறி, டென்டின் சுவரும் உருவானது. சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. கூழைக் கொல்வது திறப்பு அல்ல, அதன் வழியே நுழையும் பாக்டீரியா. இரண்டு முறைகளிலும் கவனிக்க வேண்டியவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

இருபது வயதுள்ள ஒருவரின் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த நீர் பட்டால் வலிக்கிறது, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. இரவில் தானாக வலி வருவதில்லை. தட்டினால் வலியில்லை. எக்ஸ்ரேயில் சொத்தை டென்டினின் உள் கால்பகுதிவரை இறங்கியிருக்கிறது. ஆனால் கூழுக்கு மேலே டென்டின் மிச்சமிருப்பதும் தெரிகிறது. வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பு மாறவில்லை. கூழ் அழற்சி மீளக்கூடிய நிலையில் இருப்பதற்கான அடையாளங்கள் இவை. மறைமுக முறைக்கு ஏற்ற பல் இதுதான்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, எச்சில் படாதபடி ரப்பர் டேம் மாட்டியபின், குழியின் ஓரங்கள் முற்றிலும் கடினமான பகுதி தெரியும்வரை சுத்தம் செய்யப்படுகின்றன. அடைப்பு கசியாமல் ஒட்டிக்கொள்ள ஓரம் சுத்தமாக இருந்தாக வேண்டும். கூழுக்கு நேர்மேலே உள்ள தரையில் மட்டும் வேறு விதி. ஈரமாக, கரண்டியால் வழித்தாலே வந்துவிடும் சொத்தை எடுக்கப்படுகிறது. தோல் போன்ற, சற்று உறுதியான பகுதி வந்ததும் கை நிற்கிறது. எஞ்சிய பாக்டீரியாவுக்கு உணவு போகாதபடி மேலே இறுக மூடிவிட்டால் சொத்தையின் வேகம் அடங்கிவிடும். அதன்மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு, கிளாஸ் அயனோமர் சிமென்ட், கால்சியம் சிலிக்கேட் சிமென்ட் இவற்றில் ஏதாவது ஒன்றை இட்டு, நிரந்தர அடைப்பு வைக்கப்படுகிறது. மறைமுக முறையில் எந்த மருந்து என்பதைவிட மேலுள்ள அடைப்பு கசியாமல் இருப்பதே பெரிது.

கடைசித் துளிச் சொத்தைவரை சுரண்டி எடுப்பதுதான் நல்ல சிகிச்சை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பியோர்ண்டால் குழுவினர் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை ஆட்டியது. ஆழமான சொத்தை முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்த பற்களில் 62.4 சதவீதம் ஓராண்டு கழித்து நலமாக இருந்தன. முதலில் கொஞ்சம் விட்டு மூடி, சில மாதங்களுக்குப்பின் திறந்து மீதியை எடுத்த பற்களில் அது 74.1 சதவீதம். கூழ் திறந்துகொண்டதும் இரண்டாம் குழுவில் குறைவு. இப்போது பலரும் இரண்டாம் முறை திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். மீண்டும் திறக்கும்போது கூழ் திறக்கும் அபாயம் உண்டு, நோயாளி திரும்பி வராமல் தற்காலிக அடைப்பு உடைந்துபோவதும் உண்டு.

அதே பல்லில் சுத்தம் செய்யும்போது கூழ் திறந்துவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது ரத்தம். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை மெதுவாக வைத்து ஐந்து நிமிடம்போலக் காத்திருக்க வேண்டும். ரத்தம் நின்றால் அடியிலுள்ள கூழ் ஓரளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று கொண்டு மருந்தை வைக்கலாம். நிற்காமல் கசிந்தால் அழற்சி உள்ளே பரவியிருக்கிறது. அப்போது கூழின் மேற்பகுதியில் சுமார் 2 மில்லிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு மீதியை மூடுவது நேரடி மூடலைவிடப் பொருத்தம். ரத்தம் நிற்காத கூழின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த மருந்தை வைத்தாலும் பயன் குறைவு.

நேரடி முறையில் மருந்தின் தரம் உண்மையிலேயே முக்கியம். கால்சியம் ஹைட்ராக்சைடு கடும் காரத்தன்மை உடையது. கிருமியைக் கொல்லும், டென்டின் சுவர் உருவாகவும் தூண்டும். ஆனால் அந்தச் சுவரில் நுண்ணிய துளைகள் இருக்கக்கூடும். மருந்தும் டென்டினோடு ஒட்டாமல், காலப்போக்கில் கரைந்து அடைப்புக்கு அடியில் வெற்றிடத்தை விட்டுவிடுகிறது. 1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபிநெஜாத் உருவாக்கிய எம்.டி.ஏ. இந்தக் குறைகளைத் தீர்த்தது. கட்டடச் சிமென்ட்டின் வகையைச் சேர்ந்த இது ஈரத்திலேயே இறுகும், கரையாது, நன்றாக அடைக்கும். அமெரிக்காவின் வடமேற்கில் சாதாரணப் பல் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு ஆண்டுவரை கவனித்தபோது கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பற்களில் 31.5 சதவீதமும் எம்.டி.ஏ. வைத்தவற்றில் 19.7 சதவீதமும் தோற்றன. எம்.டி.ஏ. இறுக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலுள்ள பிஸ்மத் ஆக்சைடு பல்லைச் சாம்பல் நிறமாக்கலாம் என்பதால் முன்பல்லுக்கு ஏற்றதல்ல. பின்னர் வந்த பயோடென்டின் பன்னிரண்டு நிமிடம் அளவில் இறுகுகிறது, நிறமாற்றமும் குறைவு.

வலி போய்விட்டது என்பது மட்டும் வெற்றி அல்ல. கூழ் சத்தமில்லாமல் செத்தாலும் வலி நிற்கும். ஆகவே ஆறாவது மாதத்திலும் ஓராண்டிலும், பிறகு ஆண்டுக்கொரு முறை நான்கு ஆண்டுவரையும் பல்லைச் சோதிப்பது நல்லது. குளிர்ச்சியை வைத்தால் பல் உணர வேண்டும், உணர்வு உடனே அடங்க வேண்டும். தட்டினால் வலியோ, ஈறில் சீழ்க்கட்டியோ இருக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கருமை தெரியக் கூடாது. வேர் முழுதாக வளராத இளம்பல்லில் வேர் தொடர்ந்து நீண்டு வருவது கூழ் உயிரோடிருப்பதற்கு நல்ல சாட்சி.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. குளிர்ச் சோதனை நரம்பைத்தான் அளக்கிறது, ரத்த ஓட்டத்தை அல்ல. தடித்த சிமென்ட்டுக்கு அடியில் உயிருள்ள கூழ்கூடப் பதில் சொல்லாமல் இருக்கலாம். எலும்பில் கணிசமான தாது கரைந்தபிறகே எக்ஸ்ரேயில் கருமை தெரியும். அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பாமல், பழைய எக்ஸ்ரேயை அதே கோணத்தில் எடுத்த புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் டென்டின் சுவர் தெரிவது நல்ல அறிகுறி, ஆனால் சுவரில் துளை இருக்கிறதா என்பதை அது காட்டாது.

முதல் சில நாட்கள் இலேசான கூச்சம் இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் கூடும் வலியும், இரவில் எழுப்பும் வலியும் அப்படியல்ல. சில வாரங்களுக்குள் இப்படித் தோற்றால், கூழின் நிலை தொடக்கத்திலேயே தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம். ஆண்டுகள் கழித்துத் தோற்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கசிந்த அடைப்பு. இரண்டிலும் பல்லை உடனே பிடுங்க வேண்டியதில்லை. கூழ் இன்னும் உயிரோடிருந்தால் அதன் ஒரு பகுதியை நீக்கியும், செத்திருந்தால் ரூட் கெனால் செய்தும் பல்லைத் தக்கவைக்கலாம்.